“சைட் ஓப்பன் ஆகுதே அண்ணே!”

சர்வரில் ஒரு வேலை நின்றுபோய் யாருக்கும் தெரியாமல் கிடந்தது, இந்த மாதத்தில் இது மூன்றாவது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் நான்கு மாதமாக பேக்கப் ஓடவில்லை, யாருக்கும் தெரியாது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரைவர்களுக்குப் போக வேண்டிய எஸ்எம்எஸ் ஒரு வாரமாகப் போகவில்லை, அதுவும் யாருக்கும் தெரியாது. போன வாரம் காசிமேட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பதுதான் என் தொழில், பெரும்பாலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம்.

ஓட்டல்களிடம் மீன் ஆர்டர் எடுத்து, காசிமேடு ஏலத்தில் வாங்கி, காலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு சின்ன சேவை அது. ராத்திரி 11 மணி வரை ஆர்டர் வாங்குவார்கள். 1.30 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி எல்லா ஆர்டரையும் கூட்டி, வஞ்சிரம் இத்தனை கிலோ, சங்கரா இத்தனை, இறால் இத்தனை என்று ஒரு பிடிஎஃப் பட்டியல் போட்டு, துறைமுகத்தில் நிற்கும் வாங்குபவரின் போனுக்கு அனுப்பும். அன்றைக்கு 41 ஆர்டர் இருந்தது, பட்டியல் போகவில்லை. வாங்குபவர் 2 மணிக்குப் பார்த்தார், லேட்டாக வரும் என்று நினைத்தார். 2.40க்கு மேனேஜருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. அப்புறம் முந்தைய நாள் பட்டியலை வைத்து ஒரு குத்துமதிப்பாக வாங்கினார். காலை 7 மணிக்கு ஓட்டல்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள், 7.40க்கு எனக்குப் போன் வந்தது. அங்கே டெக்னிக்கல் வேலை பார்க்கிற தம்பி முதலில் சொன்ன வார்த்தைதான் தலைப்பில் இருக்கிறது.

இந்த வார்த்தையைத்தான் நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். சைட் திறக்கிறது என்றால், யாரோ கேட்டதற்கு வெப் சர்வர் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். இவர்களும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கிற ஒரு கண்காணிப்பு வைத்திருந்தார்கள், அது ராத்திரி முழுக்கப் பச்சையாகவே இருந்தது. பச்சை காட்டியதில் தப்பில்லை, முகப்புப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டல்காரர் காசு கொடுப்பது முகப்புப் பக்கத்துக்கா? 1.30 பட்டியலுக்குத்தானே! அந்தப் பட்டியலைப் போடுகிற ஸ்கிரிப்டுக்கும் வெப் சர்வருக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்று செத்தாலும் மற்றொன்று சிரித்துக்கொண்டு நிற்கும். கடை ஷட்டர் திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு வியாபாரம் நடக்கிறது என்று வீட்டில் படுத்துத் தூங்குவோமா? எத்தனை இடத்தில் சொன்னாலும் இதுதான் மனதில் பதிய மாட்டேன் என்கிறது.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம். அடுத்து அந்தத் தம்பி சொன்னது, “லாக்கிலும் எரர் எதுவும் இல்லை அண்ணே, சாயங்காலம் 6.22 வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கு.” சர்வர் ஓடுவது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 18.22 என்பது ராத்திரி 11.52. அதற்குப் பிறகு லாக்கில் ஒரு வரிகூட இல்லை. எரர் இல்லாத லாக் வேறு, எழுதவே முடியாமல் நின்றுபோன லாக் வேறு. ஆர்டர் முடிந்த பிறகும் கண்காணிப்பு 5 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தட்டிக்கொண்டிருந்ததே, அந்த வரிகளாவது இருந்திருக்க வேண்டும். `df -h` போட்டுப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம்.

25 ஜிபி டிஸ்க். பணம் கட்டுவதில் ஏதோ தகராறு வந்தபோது ஒவ்வொரு சின்ன விவரத்தையும் எழுதி வைக்கிற டீபக் லாகை ஆன் செய்திருக்கிறார்கள், தகராறு தீர்ந்த பிறகு ஆஃப் செய்யவில்லை. நாளுக்கு ஒன்றரை ஜிபி வீதம் பத்துப் பதினோரு நாளில் நிறைந்துவிட்டது. இன்னொன்று, டிஸ்க்கில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்கிற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும், அதனால் சாதாரணப் பயனரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு 25 நிறைவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். ஆர்டர்கள் இருந்த டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்ததால் 41 ஆர்டரும் பத்திரமாக இருந்தன. பட்டியல் ஃபைலை எழுதத்தான் இடமில்லை.

தம்பி பதற்றத்தில் `app.log` ஃபைலை `rm` போட்டு அழித்துவிட்டார். இடம் திரும்பி வரவில்லை. `du` கணக்கில் டிஸ்க் காலி, `df` கணக்கில் இன்னும் 100. தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு புராசஸ் திறந்து வைத்திருக்கிற ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும், அந்த புராசஸ் விடும்வரை இடம் விடுபடாது. `lsof +L1` போட்டால் அப்படித் தொங்கிக்கொண்டிருப்பவை எல்லாம் தெரியும். ஆப்பை ரீஸ்டார்ட் செய்ததும் 16 ஜிபி திரும்பக் கிடைத்தது. அழிக்காமல் `truncate -s 0` போட்டிருந்தால் ரீஸ்டார்ட்டே தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் ஸ்கிரிப்ட் தோற்றபோது வந்த எரர் எங்கே போனது? ஸ்கிரிப்ட் கத்தத்தான் செய்தது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டிவிடுகிற கிரான், தன்னிடம் வருகிற அவுட்புட்டை மெயிலாக அனுப்பப் பார்க்கும், அந்த சர்வரில் மெயில் அனுப்ப எதுவும் நிறுவப்படவில்லை. சிஸ்லாகில் முந்தைய ராத்திரிகளைத் தேடிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் இந்த வரி இருக்கிறது:

```
(CRON) info (No MTA installed, discarding output)
```

அதாவது, தினமும் அது சொன்னதைக் குப்பையில் போட்டிருக்கிறது. உங்கள் சர்வரிலும் இந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். நான் பார்க்கிற சின்ன சர்வர்களில் பாதிக்கு மேல் இருக்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். எரர் வந்தால் சொல் என்று கேட்காதீர்கள், வேலை முடிந்தால் சொல் என்று கேளுங்கள். டிஸ்க் நிறைந்தாலும், மெஷினே அணைந்தாலும், யாரோ கிரான் வரியைத் தவறுதலாக அழித்தாலும், செத்தவன் வந்து நான் செத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டான். அதனால் வெளியே, வேறொரு இடத்தில் ஒரு காவலாளி இருக்க வேண்டும். “1.30க்கு ஒரு குரல் வரணும், வரவில்லை என்றால் ஆளை எழுப்பு” என்பது மட்டும்தான் அவன் வேலை. ஹெல்த்செக்ஸ் மாதிரி இதற்கென்றே சேவைகள் இருக்கின்றன, ஓப்பன் சோர்ஸ்தான், வேண்டுமானால் வேறொரு மெஷினில் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். அதே சர்வரில் வைத்துத் தொலைக்காதீர்கள். கிரானில் மாற்றம் இவ்வளவுதான்:

```
PING=https://hc-ping.com/YOUR-UUID
0 20 * * * /opt/meen/list.sh && curl -fsS -m 10 --retry 3 -o /dev/null "$PING"
```

20 மணி என்பது யுடிசி, நமக்கு 1.30. நடுவில் இருக்கும் `&&` முக்கியம், அங்கே அரைப்புள்ளி போட்டால் ஸ்கிரிப்ட் தோற்றாலும் குரல் போய்விடும். இங்கே ஒரு குழி இருக்கிறது. இவர்கள் ஸ்கிரிப்டில் எல்லா எரரையும் பிடித்து பிரின்ட் செய்துவிட்டு, நல்லபடியாக முடிந்தது போல 0 என்று வெளியேறுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அப்படி இருந்தால் `&&` போட்டும் பயனில்லை. தோற்றால் 1 என்று வெளியேற வேண்டும். பட்டியலை அனுப்பி, போய்ச் சேர்ந்தது என்ற பதில் வந்த பிறகுதான் 0.

எவ்வளவு நேரம் பொறுத்து எழுப்புவது? பலர் ஒரு மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். ஏலத்துக்கு ஆள் நிற்பது 2 மணிக்கு. ஸ்கிரிப்டுக்கு 2 நிமிடம் போதும். 10 நிமிடம் பொறுத்து 1.40க்கு எழுப்பினால், கையாலாவது பட்டியலை எடுத்து அனுப்ப 20 நிமிடம் கிடைக்கும். 2.30க்கு எழுப்பி என்ன செய்வது, தூக்கம்தான் கெடும்.

காலிப் பட்டியல் போனாலும் வெற்றி என்றுதான் ஸ்கிரிப்ட் சொல்லும், அதனால் ஆர்டர் எண்ணிக்கையையும் பார்க்கச் சொன்னேன். முதலாளி 20க்குக் கீழே போனால் எழுப்பச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. புரட்டாசியில் பாதிப் பேர் மீனைத் தொட மாட்டார்கள். அப்போதெல்லாம் தினமும் பொய்யாக எழுப்பினால் பத்தாம் நாள் அந்த அலர்ட்டை ஆஃப் செய்துவிடுவார்கள். பூஜ்யம் என்றால் மட்டும் எழுப்பு, குறைவு என்றால் காலையில் ஒரு மெசேஜ் போதும். இவர்களுடைய டெலிகிராம் குரூப்பில் ஏற்கெனவே சிபியு 80 சதவீதம் என்று நாளுக்கு நாற்பது மெசேஜ் விழுந்துகொண்டிருந்தது, எல்லோரும் மியூட் செய்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டேன்.

டிஸ்க்குக்கு 80 சதவீதத்தில் பகலில் ஒரு மெசேஜ். 20 ஜிபியில் தெரிந்திருந்தால், அந்த வேகத்தில்கூட இரண்டரை நாள் கையில் இருந்திருக்கும். லாக் பெருத்துப் போகாமல் பார்த்துக்கொள்கிற லாக்ரொட்டேட்டுக்கு இது:

```
/var/log/meen/app.log {
    daily
    maxsize 200M
    rotate 7
    compress
    missingok
    copytruncate
}
```

`maxsize` போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். லாக்ரொட்டேட் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடும், நடுவில் 5 ஜிபி ஆனாலும் அதற்குத் தெரியாது. மணிக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றினால்தான் அந்த வரிக்கு வேலை.

கடைசியாக, சோதித்துப் பாருங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் சோதனைக்காக 2 மணிக்கு ஒரு கிரான் வரி போட்டு, அதற்கு முன்பே கமென்ட் செய்துவிட்டுக் காத்திருந்தோம். 2.10க்கு அலர்ட் போய்விட்டது என்று திரையில் வந்தது, மேனேஜர் போன் மேஜை மேல் சத்தமில்லாமல் கிடந்தது. டூ நாட் டிஸ்டர்ப். அன்றைக்கு ராத்திரி 2.40க்கு வாங்குபவர் கூப்பிட்டும் எடுக்காததற்குக் காரணமும் அதுதான். அலர்ட் வருகிற எண்ணையும் வாங்குபவரின் எண்ணையும் விதிவிலக்கில் சேர்த்தோம். இரண்டாவது ஆளாக மாதவரத்தில் இருக்கிற இன்னொருவரையும் போட்டோம், மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் எத்தனை தெருவில் நாள்கணக்காகக் கரன்ட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஒரே தெருவில் இரண்டு பேரும் இருந்து பயனில்லை.

இரண்டாவது சோதனையில் போன் அடித்தது. மேனேஜர் எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, ‘list.sh DOWN’னு வருது, நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து அந்த மெசேஜை மாற்றி எழுதினோம்: “1.30 பட்டியல் போகவில்லை. முதலில் வாங்குபவருக்குப் போன் செய்து காத்திருக்கச் சொல்லவும். பிறகு அட்மின் பக்கத்தில் ‘இன்றைய ஆர்டர்’ திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பவும். அதன் பிறகு தம்பியை எழுப்பவும்.”