புயல் வெள்ளமும் வெள்ளைப் புள்ளியும்: இறால் குளத்துக்கு இழப்பீடு கேட்கும்போது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைக்குள் தேங்கிய தண்ணீரைத்தான் ஊரே பேசியது. பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இறால் வளர்ப்பவருக்கு இப்படிப்பட்ட மழை இரண்டு முறை அடிக்கும். கரை மூழ்கி இறால் வெளியே போவது முதல் அடி. மிச்சமிருப்பது பத்து நாளில் வெள்ளைப் புள்ளி நோயில் சாவது இரண்டாவது. இழப்பீடு கேட்கும்போது இந்த இரண்டையும் கலந்து ஒரே கணக்காக எழுதிவிடுகிறோம். கோரிக்கை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

அரசு உதவிக்கும் காப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் சிறு, குறு விவசாயிக்கு மீன் பண்ணையைத் தூர்வார, சீர்செய்ய ஹெக்டேருக்கு ரூ.18,000 என்று 2022-26 காலத்து விதி சொல்கிறது. அது குளத்துக்கான பணம். செத்த இறாலுக்குக் காப்பீடுதான் வழி. பிரதம மந்திரி மத்ஸ்ய கிசான் சம்ரிதி சக யோஜனாவில் 4 ஹெக்டேர் நீர்ப்பரப்பு வரையுள்ள பண்ணைக்குப் பிரீமியத்தில் 40 சதவீதம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் ரூ.25,000 ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். ஒரு முறைதான். அதற்குத் தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவு வேண்டும்.

இதில் பாலிசி இரண்டு வகை. அடிப்படைப் பாலிசி புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டும். விரிவான பாலிசியில் நோயும் சேரும். 2023 பிப்ரவரியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் (சிபா) அறிமுகமான இறால் காப்பீட்டில், 70 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால்தான் முழு இழப்பு. அப்போது இடுபொருள் செலவில் 80 சதவீதம் இழப்பீடு. உங்கள் பாலிசியில் இந்த எண்கள் வேறாக இருக்கலாம், கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 0.8 ஹெக்டேர் குளம், சதுர மீட்டருக்கு 40 வீதம் 3,20,000 வன்னாமி குஞ்சு விட்டாயிற்று. 62-ஆம் நாள் 85 சதவீதம் பிழைத்திருந்தால் 2,72,000 இறால். சராசரி 9 கிராம் என்றால் சுமார் 2,450 கிலோ. இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் இதை அப்படியே நம்பமாட்டார், தீவனப் புத்தகத்தைக் கேட்பார். இந்த வயதில் உடல் எடையில் சுமார் மூன்றரை சதவீதம் தீவனம் போகும், அதாவது நாளுக்கு 85 கிலோ. உங்கள் புத்தகத்தில் 40 கிலோ என்றிருந்தால், குளத்தில் பாதி இறால்தான் இருந்தது என்று முடிவுகட்டிவிடுவார். பொரிப்பக பில், குஞ்சுக்கு நோய்க்கிருமி உண்டா என்று பார்த்த பிசிஆர் அறிக்கை, வாராந்தர எடைக் குறிப்பு, தீவன பில் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

வெள்ளம் கரையேறி வடிந்த மறுநாளே வீச்சு வலை போடுங்கள். முன்பு பத்து வீச்சு போட்டதில் ஒரு வீச்சுக்குச் சராசரி 70 இறால் வந்த குளத்தில் இப்போது 42 வந்தால், 40 சதவீதம் வெளியே போயிருக்கிறது. இதற்குச் செத்த இறால் சாட்சியாகக் கிடைக்காது. வீச்சு எண்ணிக்கையும் கரையில் தண்ணீர் ஏறிய தடத்தின் படமும்தான் சாட்சி. அன்றே உப்புத்தன்மையை மேலேயும் அடியிலும் தனித்தனியாகப் பாருங்கள். மழைத்தண்ணீர் மேலே மிதக்கும். மேல்பரப்பில் 5 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 5 பங்கு உப்பு, அடியில் 14 என்று காட்டலாம். கரைந்த ஆக்சிஜனைக் குளத்திலேயே மீட்டரால் பார்க்க வேண்டும், பாட்டிலில் கொண்டுபோனால் அளவு மாறிவிடும். புயலுக்கு முந்தைய வாரத்து அறிக்கை கையில் இல்லையென்றால் இந்த 5 எதையும் நிரூபிக்காது. இந்தக் குளத்தில் எப்போதும் 5 தான் என்று சர்வேயர் சொல்லிவிடலாம்.

பத்தாம் நாள் இறால் கரையோரம் ஒதுங்குகிறது, தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி. சாகும் நிலையில் உள்ளதை எடுத்து, செவுளையும் நீந்துகாலையும் 95 சதவீத எத்தனாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அழுகியது உதவாது. அவசரமாக அறுவடை செய்து 600 கிலோ, ஏறக்குறைய 65,000 இறால் மிஞ்சினால் மொத்த இழப்பு 76 சதவீதம். விரிவான பாலிசியில் அது எல்லையைத் தாண்டுகிறது. இதுவரை 5.5 லட்சம் செலவென்றால் மேலே சொன்ன விதியில் 4.4 லட்சம், அறுவடை விற்ற பணம் கழியுமா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. அடிப்படைப் பாலிசி எடுத்தவருக்குக் கணக்கில் சேருவது வெள்ளத்தின் 40 சதவீதம் மட்டுமே. அது 70-ஐத் தாண்டாததால், முழு இழப்புக்கான பணம் அவருக்கு வராது. இது கொடுமைதான். வெள்ளத்தில் உப்பு சட்டென்று இறங்கியதால்தான் நோய் கிளம்பியது என்று வாதிடலாம், அதற்கும் முன்னும் பின்னும் எடுத்த நீர் அறிக்கைகளே ஆதாரம்.

பிளீச்சிங் போட்டு நோயை அடக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் பார்க்கட்டும். தாமதமானால் தேதியோடு படமும் வீடியோவும் எடுத்த பிறகு செய்யுங்கள். நோய்த் தண்ணீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள், பக்கத்துக் குளத்துக்காரருக்கும் அதே கதி வரும்.

குளக்கரை மோட்டார் ஷெட்டில் வைத்த தீவன நோட்டு, வெள்ளம் வந்தால் முதலில் நனையும். எழுதியதும் ஒரு படம் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். மை கரைந்த பக்கத்தைச் சர்வேயரிடம் நீட்டும்போது, அதன் தேதியுள்ள படமும் கூடவே இருக்கும்.