மதியம் ஒரு மணிக்கு போனை வைத்தவர்கள்

கால் சென்டரில் ஷிப்ட் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு ஒரு நாளில் 900 அழைப்புகள் வருகின்றன. அதில் 45 பேர் காத்திருந்து, யாரும் எடுக்காததால் போனை வைத்துவிடுகிறார்கள். அதாவது 5 சதவீதம், இலக்குக்குள்தான் இருக்கிறது. ஏஜென்ட்டுகள் எல்லா நேரமும் பேசிக்கொண்டே இருப்பதில்லை என்றும் ரிப்போர்ட் சொல்கிறது. ஆனாலும் புகார் நிற்கவில்லை. ஆள் குறைவா இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?"

அவர் அனுப்பிய எண்களை எளிதாகப் புரியும்படி முழு எண்களாக்கிக்கொண்டேன். முதல் வேலை, நாள் சராசரியை ஓரங்கட்டிவிட்டு மணி மணியாகப் பிரிப்பது. ஒவ்வொரு அழைப்பையும் அது வந்த மணியில் சேர்க்க வேண்டும், முடிந்த மணியில் அல்ல. 1:58க்கு வந்து 2:03க்குப் போனை வைத்தவர் ஒரு மணிக் கணக்கைச் சேர்ந்தவர். இதில் தவறினால், பற்றாக்குறை அடுத்த மணியின் தலையில் விழும்.

பிரித்துப் பார்த்ததும் மூன்று மணிகள் கண்ணில் பட்டன. காலை 10 மணிக்கு 120 அழைப்புகள், நாளிலேயே அதிகம். 14 ஏஜென்ட்டுகள் இருந்தார்கள், சராசரிக் காத்திருப்பு 5 நொடி, போனை வைத்தவர்கள் 2 பேர். மதியம் 1 மணிக்கு 72 அழைப்புகள்தான், ஆனால் காத்திருப்பு 50 நொடி, போனை வைத்தவர்கள் 12 பேர். மாலை 4 மணிக்கு 96 அழைப்புகள், காத்திருப்பு வெறும் 6 நொடி, ஆனாலும் 8 பேர் வைத்துவிட்டார்கள்.

மதியம் 16 சதவீதத்துக்கு மேல், மாலை 8 சதவீதத்துக்கு மேல். இரண்டு இடத்திலும் ஆள் போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த இரண்டும் ஒரே நோய் அல்ல. அதைக் காட்டிக்கொடுக்கும் கணக்குதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது.

வரிசையில் காத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு நொடியும் மனதுக்குள் ஒரு சின்ன முடிவு எடுக்கிறார்: இன்னும் இருக்கலாமா, வைத்துவிடலாமா? அவர் வைத்துவிடும் வாய்ப்பு ஒவ்வொரு நொடியிலும் 300இல் 1 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால், எத்தனை பேர் வைத்துவிடுவார்கள் என்பதை அறிய வரிசையின் நீளமோ ஏஜென்ட் எண்ணிக்கையோ தேவையில்லை. எல்லோரும் காத்திருந்த நொடிகளை ஒன்றாகக் கூட்டி 300ஆல் வகுத்தால் போதும். 3,600 நொடிகள் காத்திருந்தார்கள் என்றால் சுமார் 12 பேர் போயிருப்பார்கள். அது நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருந்த நொடிகளா, பத்துப் பேர் நெடுநேரம் காத்திருந்த நொடிகளா என்பது முக்கியமில்லை.

இதைத் திருப்பிப் போடுங்கள். மொத்தக் காத்திருப்பு நொடிகளை, போனை வைத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மனிதர்களின் சராசரிப் பொறுமை கிடைக்கும். கவனியுங்கள், போனை வைத்தவர்கள் காத்திருந்த நேரத்தின் சராசரி பொறுமை ஆகாது. பொறுமைசாலிகள் பெரும்பாலும் பதில் கிடைத்துப் போய்விடுகிறார்கள். அவர்கள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் இருந்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது, 'குறைந்தது இவ்வளவு நேரம் இருந்தார்கள்' என்று மட்டும்தான் தெரியும். பல்பு சோதிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நூறு பல்புகளை ஒரு மாதம் எரியவிட்டால் ஐந்துதான் ஃபியூஸ் போகும். அந்த ஐந்தின் ஆயுளை மட்டும் சராசரி எடுத்தால், பல்பே ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நூறு பல்புகளும் எரிந்த மொத்த மணிநேரத்தை ஐந்தால் வகுப்பதுதான் சரி. எரிந்துகொண்டே இருக்கும் 95 பல்புகளின் சாட்சியும் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

சரி, நம் மூன்று மணிகளுக்கு வருவோம். காலை 10 மணி: 120 பேர், தலைக்கு 5 நொடி, மொத்தம் 600 நொடி, 2 பேர் போனார்கள். பொறுமை 300 நொடி. மதியம் 1 மணி: 72 பேர், தலைக்கு 50 நொடி, மொத்தம் 3,600 நொடி, 12 பேர். பொறுமை அதே 300 நொடி. மதிய நேரத்தில் அழைப்பவர்கள் அவசரக்காரர்கள் அல்ல. காலையில் அழைப்பவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள். அவர்களைக் காக்க வைத்த நேரம்தான் பத்து மடங்கு. அதாவது பற்றாக்குறை நிஜம்.

மாலை 4 மணி: 96 பேர், தலைக்கு 6 நொடி, மொத்தம் 576 நொடி, 8 பேர். பொறுமை 72 நொடி! ஒரே நாளில் மனிதர்களின் பொறுமை நான்கில் ஒரு பங்காகிவிடுமா? விகிதம் இப்படி முறியும்போது ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறெங்கோ தேட வேண்டும். அந்த எட்டு அழைப்புகளையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாமே ஒன்பதாவது நொடியை ஒட்டி முடிந்திருந்தன. நான்கு மணிக்குப் பிறகு வரிசையில் சேர்பவர்களுக்கு ஒரு பதிவுக்குரல் ஒலிக்கிறது: "காத்திருப்பு நேரம் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகலாம்." எப்போதோ ஒரு நெருக்கடிக்காகப் போட்டு, எடுக்காமல் விட்டது. அரை நிமிடத்தில் ஆள் கிடைத்திருக்கும், ஆனால் குரல் விரட்டிவிட்டது. இங்கே நான்கு ஏஜென்ட்டுகளைக் கூடுதலாகப் போட்டிருந்தால் சம்பளம்தான் வீண்.

அறிவிப்புக் குரல் மனிதர்களை அசைக்கிறது என்பது புதிய செய்தி அல்ல. பெயர் வெளியிடப்படாத ஓர் இஸ்ரேலிய வங்கியின் 1999ஆம் ஆண்டு அழைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அறிக்கை 2005இல் வெளியானது. காத்திருப்பவர்கள் போனை வைக்கும் வேகம் சுமார் 60ஆவது நொடியில் எகிறுவதை அதில் காணலாம். 'தயவுசெய்து காத்திருங்கள்' என்ற பதிவு ஒலிக்கும் நேரம் அது. அந்த வங்கி தரவைத் தந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. பொதுமக்கள் பணத்தில் இயங்கும் உதவி எண்கள், பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, தங்கள் அழைப்புப் பதிவுகளைத் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காக்க வைக்கப்படுவது நம் நேரம். அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் நமக்கு வேண்டும்.

இப்போது மதியம் ஒரு மணி. ஒரு அழைப்புக்குச் சராசரியாக 5 நிமிடம் பிடிக்கிறது, பேசி முடித்ததும் குறிப்பு எழுதும் நேரத்தையும் சேர்த்து. 72 அழைப்புகளுக்கு 360 நிமிட வேலை, அதாவது ஆறு பேரின் ஒரு மணி நேரம். அன்று ரோஸ்டரில் எட்டுப் பேர், லாக்-இன் செய்திருந்தது ஆறு பேர். மற்ற இருவர் சாப்பாட்டு இடைவேளையில். ஆறு பேர் வேலைக்கு ஆறு பேர் இருந்தார்களே, அப்புறம் என்ன குறை?

குறை, அழைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வராததில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் நான்கு வரும், அடுத்த மூன்று நிமிடம் ஒன்றும் வராது. சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்துவைத்து நெரிசலில் செலவழிக்க முடியாது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் எர்லாங் 1917இல் இதற்குச் சூத்திரம் தந்தார். அதன்படி ஆறு பேர் வேலைக்கு ஆறே பேர் இருந்தால் வரிசை முடிவில்லாமல் வளரும். ஆனால் நிஜத்தில் அப்படி வளர்வதில்லை, ஏனென்றால் எர்லாங்கின் கணக்கில் யாரும் போனை வைப்பதே இல்லை. பொறுமை இழப்பவர்களைக் கணக்கில் சேர்த்தவர் சுவீடனின் கோனி பாம், 1940களில்.

ரிப்போர்ட் ஏமாற்றுவது இங்கேதான். 12 பேர் போய்விட்டதால் ஆறு ஏஜென்ட்டுகளும் 60 அழைப்புகளைத்தான் எடுத்தார்கள். 360 நிமிடத்தில் 300 நிமிடம் வேலை, 83 சதவீதம். இதைப் பார்த்து, 'ஆறில் ஒரு பங்கு நேரம் சும்மா இருக்கிறார்கள், ஆள் போதும்' என்று மேலாளர் சொல்கிறார். அந்த ஓய்வைத் தந்தவர்களே போனை வைத்துவிட்டுப் போன பன்னிரண்டு பேர்தான். பற்றாக்குறை தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. அதனால் தேவையைக் கணக்கிடும்போது எடுத்த அழைப்புகளை எண்ணக் கூடாது, வந்த அழைப்புகளை எண்ண வேண்டும்.

பாமின் முறையில், 300 நொடிப் பொறுமையோடு கணக்கிட்டால் ஆறு பேர் இருக்கும்போது சுமார் 16 சதவீதம் போய்விடுவார்கள். நாம் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான். ஏழாவது ஆள் வந்தால் 9.5, எட்டாவது ஆள் வந்தால் 5.2, ஒன்பதாவது வந்தால் 2.7. முதலில் வரும் ஆள் ஆறேழு புள்ளிகளைக் குறைக்கிறார், மூன்றாமவர் இரண்டரைப் புள்ளிதான். 5 சதவீதம் இலக்கு என்றால் புதிதாக யாரையும் எடுக்க வேண்டாம். அந்த இருவரின் சாப்பாட்டு இடைவேளையை 12 மணிக்கோ 2 மணிக்கோ நகர்த்தினால் ஏறக்குறைய போதும், அந்த மணியில் இடம் இருந்தால்.

ஒரு நாள் எண்ணை வைத்து இதையெல்லாம் முடிவு செய்துவிடாதீர்கள். காலை 10 மணிக்கு 2 பேருக்குப் பதில் 4 பேர் போயிருந்தால் பொறுமை பாதியாகிவிட்டதாகத் தெரியும், உண்மையில் அது தற்செயல். ஐந்தாறு வாரங்களின் அதே கிழமை, அதே மணியைச் சேர்த்துப் பாருங்கள். 'திங்கள்கிழமை என்றாலே ராசியில்லை' என்று ஒதுக்கிவிடும் மையங்களிலும், இப்படிச் சேர்த்துப் பார்த்தால் ராசிக்கு ஒரு மணி நேரமும் ஒரு காரணமும் இருக்கும். இன்னொன்று, சில மையங்கள் முதல் சில நொடிகளுக்குள் போனை வைத்தவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். அப்படி நீக்கியிருந்தால் ஒன்பதாவது நொடியில் போன அந்த எட்டுப் பேரும் ஒருவேளை கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

வாசகருக்கு நான் சொன்ன கடைசி வேலை, ஒரு மணிக்குப் போனை வைத்தவர்கள் மறுபடி அழைத்தார்களா என்று அறிய, அவர்களின் தொலைபேசி எண்கள் இரண்டு மணிப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடுவது. பன்னிரண்டில் ஏழு எண்கள் இருந்தன. இடைவேளையை நகர்த்திய பிறகு இரண்டு மணி அழைப்புகள் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.