இடீமா: நெஞ்சில் கோத்த தண்ணீருக்குத் தமிழில் என்ன பெயர்?

"நெஞ்சுல தண்ணி கோத்துருச்சி" என்றுதான் எங்கள் மலையகத்தில் சொல்வார்கள். நோயாளியின் அட்டையில் டாக்டர் எழுதுவது "அக்யூட் பல்மனரி இடீமா". இரண்டும் ஒன்றா என்று கேட்டால், பாதிதான் ஒன்று. மற்றப் பாதியில்தான் குழப்பம் வருகிறது.

இடீமா கிரேக்கச் சொல். வீங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. கிரேக்கக் கதையில் வரும் ஈடிபஸ் மன்னனின் பெயருக்கு 'வீங்கிய காலன்' என்று பொருள். அதிலும் இதே வேர்தான் இருக்கிறது. காலில் அமுக்கினால் குழி விழும் வீக்கத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். நுரையீரலோ வெளியே வீங்கித் தெரிவதில்லை. அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றுச் சிற்றறைகளில் நீர் இறங்கி, காற்று இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் 'நுரையீரல் வீக்கம்' என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிப்பதில்லை. காற்று தங்கி நுரையீரல் உப்பிப்போகும் வேறொரு நோயையும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள்.

வேறு சொற்களையும் போட்டுப் பார்த்தேன். 'நீர்க்கோவை' என்றால் சளிபிடித்துத் தலை கனப்பது நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் சித்த மாத்திரையே உண்டு. 'நீர்க்கட்டு' என்றால் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது. 'ஓதம்' அழகான சொல், ஒலியும் இடீமாவுக்குப் பக்கத்தில் வருகிறது (தற்செயல்தான், உறவு கிடையாது). ஆனால் ஓதம் என்றதும் ஆட்கள் விரைவீக்கத்தைத்தான் நினைப்பார்கள். கடைசியில் நான் எடுத்துக்கொண்டது 'நீர்க்கசிவு'. 'அக்யூட்' என்பதைக் 'கடும்' என்று எழுதுவதும் முழுச் சரியில்லை. அச்சொல் நோய் சட்டென்று தொடங்குவதைக் குறிக்கிறது. ஆக, திடீர் நுரையீரல் நீர்க்கசிவு.

பெயரில் ஏன் இத்தனை கறார் என்றால், ஒரு இரவைச் சொல்லவேண்டும். அதிகாலை 2 மணி இருக்கும். அறுபது தாண்டிய ஒரு அம்மாவை, நான் தாதியாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முன்பு கொழுந்து பறித்தவர். பிரஷர் மாத்திரை முடிந்து பத்து நாளாகியிருந்தது. மூன்று இரவாகத் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினார் என்று மருமகள் சொன்னார். படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. பிரஷர் 220க்கு 120, இரத்தத்தில் ஆக்சிஜன் 78 சதவீதம்.

மகன் "மிஸ், சேலைன் ஒண்ணு போடுங்க" என்றார். மருமகள் "தண்ணியை ஊசி போட்டு உறிஞ்சிர ஏலாதா?" என்றார். இரண்டு கேள்வியும் 'தண்ணி' என்ற சொல்லிலிருந்துதான் வந்தன. ஊசியால் உறிஞ்சும் நீர் வேறு. அது நுரையீரலுக்கு வெளியே, உறைக்குள் சேர்வது. இது கோடிக்கணக்கான சிற்றறைகளில் பரவிக் கிடப்பது, ஊசியால் எட்டாது. சேலைனோ நிரம்பி வழிகிற இடத்தில் இன்னும் ஊற்றுவது.

நீர் எங்கிருந்து வந்தது? இங்கே 'கன்ஜெஷன்' என்ற இன்னொரு சொல் வருகிறது. அதற்குத் 'தேக்கம்' என்பதே சரி. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. அந்த அம்மாவின் உடம்பெங்கும் இரத்தக்குழாய்கள் இறுகிப்போயிருந்தன. இதயத்தின் இடப்பக்கம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறியது. பின்னால் வந்த இரத்தம் நுரையீரலில் தேங்கியது. அங்குள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்தது. மூச்சு முட்டியதில் பயம், பயத்தில் குழாய்கள் இன்னும் இறுக்கம், இன்னும் கசிவு. இந்த வகையில் உடம்பில் மொத்த நீர் கூடியிருக்க வேண்டியதில்லை. இருக்கும் நீர் தப்பான இடத்துக்குப் போயிருக்கிறது. நீர் பிரிக்கும் ஃபுரோசமைட் ஊசியை மட்டும் நம்பினால் ஏன் தாமதமாகும் என்பது இதிலேயே தெரியும். சிறுநீர் பெருக அரைமணி நேரம் ஆகலாம். அந்த அம்மாவிடம் அரைமணி இல்லை.

அதனால் முதலில் கதவைத் திறப்பது. 'வேசோடைலேட்டர்' என்பதில் உள்ள 'வாஸ்' லத்தீனில் கலம், பாத்திரம். நம் பாடப்புத்தகம் இரத்தக்குழாயைக் 'குருதிக்கலன்' என்று சொல்வதும் அதே கற்பனைதான். எனவே 'கலன்விரிப்பி' எனலாம். முதல் மருந்து நைட்ரோகிளிசரின், வார்டில் 'ஜிடிஎன்'. கட்டிலில் கால் தொங்க நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நாக்கின் கீழ் ஒரு மாத்திரை வைத்தோம். பிறகு பம்பில் நிமிடத்துக்கு 20 மைக்ரோகிராமில் தொடங்கி, சில நிமிடத்துக்கு ஒருதரம் பிரஷரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினோம். நாளங்கள் விரியும்போது இரத்தம் கை கால் வயிற்றில் தங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறையும். அளவு கூடும்போது தமனிகளும் தளரும், இதயம் எளிதாகத் தள்ளும். மேல்புறம் வரத்துக் குறைகிறது, கீழ்ப்புறம் வான்கதவு திறக்கிறது.

எல்லோருக்கும் இது சரிவராது. பிரஷர் ஏற்கனவே தாழ்ந்திருந்தால், இதயத்தின் வெளிவாசல் வால்வு மிகச் சுருங்கியிருந்தால், வலப்பக்க மாரடைப்பு இருந்தால், இந்த மருந்தைக் கொடுத்ததும் ஆள் சரிந்துவிடலாம். அதனால்தான் ஈசிஜியும் உடனே எடுக்கப்படும். வயக்ரா வகை மாத்திரை போட்டிருக்கிறாரா என்று ஆண் நோயாளிகளைக் கேட்கவேண்டும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பது நல்லது.

அடுத்தது முகமூடி. 1936இல் லண்டனில் பூல்டன் என்ற வைத்தியர் இதே நோய்க்கு, வாக்குவம் கிளீனரின் ஊதுகுழலை முகமூடியோடு பொருத்திக் காற்றை அழுத்தத்தோடு கொடுத்தார். இன்றைய சீபேப் அதன் வாரிசு. காற்றழுத்தம் நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூடிக்கிடந்த சிற்றறைகளை விரித்துப் பிடித்து ஆக்சிஜன் ஏற இடம் தருவதுதான் முதல் பலன். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது, இடப்பக்கத்தின் சுமையும் குறைகிறது. மருந்து செய்வதையே வேறு வழியாகச் செய்கிறது.

மூச்சு முட்டுகிறவர் முகத்தில் முகமூடியை இறுக்கினால் பிய்த்தெறிவார். அந்த அம்மாவும் முதலில் தட்டிவிட்டார். வாரைக் கட்டாமல் கையால் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது காத்து தள்ளும், எதிர்க்காதீங்க, உள்ள வாங்குங்க" என்று காதருகே சொல்லி, 5 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கினோம். பழகிய பிறகுதான் வார், பிறகு 10. கிறங்கத் தொடங்கினாலோ வாந்தி எடுத்தாலோ முகமூடி ஆபத்து; அப்போது குழாய் போட ஆள் தயாராக இருக்கவேண்டும். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிடத்தில் பிரஷர் 165, ஆக்சிஜன் 94. நிமிடத்துக்கு 40ஆக இருந்த மூச்சு 26ஆக இறங்கியது. நான் எண்ணைவிட நம்பியது, ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசியதை: "போதும் மிஸ், கழட்டுங்க."

குளிர் மலைதான் காரணமோ என்று வெளியே ஒருவர் கேட்டார். உயரத்தால் வரும் நீர்க்கசிவும் உண்டு, ஆனால் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல், புதிதாக ஏறுகிறவர்களுக்கு. நுவரெலியா 1,900 மீட்டரைக்கூட எட்டாது.

வீட்டுக்குப் போகும் நாளில் அட்டையில் ஆங்கிலத்துக்குக் கீழே 'திடீர் நுரையீரல் நீர்க்கசிவு' என்று எழுதிக் கொடுத்தேன். மகன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கசிஞ்சிச்சின்னா ஓட்டை எங்க மிஸ் இருக்கு?" என்றார்.

"ஓட்டை இல்ல தம்பி. மழைக்கு உங்க லயத்துச் சுவர் நனைஞ்சி உள்பக்கம் ஊறுதே, அந்த மாதிரி."

"அது ஓதமில்லையா" என்றார்.