மும்முனை ஒளியமைப்பு: இதில் ‘பாயிண்ட்’ என்பது எது?

நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் மாலை நேரம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பழக வரும் தம்பிகளில் ஒருவன், வயதான கட்டுமரக்காரர் ஒருவரின் உருவத்தைப் பல வாரமாகச் செதுக்கிக்கொண்டிருந்தான். முகத்தின் சுருக்கம், உப்புக்காற்றில் காய்ந்த உதடு, தோளில் கிடக்கும் துவர்த்து எல்லாம் அருமையாக வந்திருந்தன. ஆனால் ரெண்டர் செய்து முழுப் படமாக்கிப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. “அண்ணே, த்ரீ பாயிண்ட் லைட்டிங் போட்டாச்சு. ஆனா மூஞ்சி தோச மாதிரி தட்டையா இருக்கே” என்றான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று Point விளக்குகள் இருந்தன. மூன்றுக்கும் ஒரே வாட். மூன்றும் உருவத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றன. பெயரில் ‘பாயிண்ட்’ இருப்பதால் Point விளக்கைத்தான் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவன் கையில் குறையில்லை. சொல் அவனைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல்லை ஆற அமரப் பிரித்துப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

பிளெண்டரில் விளக்கு நான்கு வகை: Point, Sun, Spot, Area. இவற்றில் Point என்பது எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறவிடும் விளக்கு, குண்டு பல்பு மாதிரி. ‘த்ரீ பாயிண்ட்’ என்பதில் வரும் பாயிண்டுக்கும் இந்த வகைக்கும் எந்த உறவும் இல்லை. அது சினிமா ஸ்டுடியோக்களில் வளர்ந்த பேச்சு. உருவத்தின் மேல் எந்தெந்த இடத்திலிருந்து ஒளி விழுகிறது என்பதையே அங்கே பாயிண்ட் என்றார்கள். மூன்று இடம், மூன்று வேலை. விளக்கு எந்த வகையாக இருந்தாலும் சரி.

இதைத் தமிழில் ‘முப்புள்ளி ஒளியமைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. புள்ளி என்றதுமே மறுபடியும் Point விளக்குதான் நினைவுக்கு வரும். அதோடு முப்புள்ளி என்ற பெயர் ஏற்கெனவே ஆய்த எழுத்துக்குச் சொந்தம்; தொல்காப்பியம் ஆய்தத்தை ‘முப்பாற்புள்ளி’ என்கிறது. ‘முனை’ என்பது இதைவிடப் பொருந்தும். தேர்தல் காலத்தில் மும்முனைப் போட்டி என்கிறோம், வயலில் மோட்டார் போட மும்முனை மின்சாரம் கேட்கிறோம். மூன்று பக்கத்திலிருந்து வந்து ஒன்றில் சேர்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் முன்பே ஊறியிருக்கிறது. குமரிமுனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் எங்களுக்கு முனை என்றால் ஒரு இடம் என்பதைத் தனியாக விளக்கவும் வேண்டாம். ஆகவே என் தேர்வு ‘மும்முனை ஒளியமைப்பு’.

ஆனாலும் முப்புள்ளியை முழுக்கத் தள்ளிவிட மனமில்லை. நம்பேட் 7-ஐ அழுத்தி மேலிருந்து பாருங்கள். கேமரா கீழ்ப்பக்கம் இருந்தால், உருவத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, பின்னால் ஒன்று. அச்சு அசல் ‘ஃ’. நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் நம் கட்டுமரக்காரர் நிற்கிறார். அமைப்பை நினைவில் வைக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கல் ‘லைட்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பொருளுக்கும் அதிலிருந்து வருவதற்கும் ஒரே பெயர். நமக்கு விளக்கு வேறு, ஒளி வேறு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெளிச்சத்தை ‘வெட்டம்’ என்பார்கள். விளக்கைப் போடு என்பதும், வெட்டம் போதவில்லை என்பதும் அவர்கள் வாயில் ஒருபோதும் கலக்காது. பிளெண்டரிலும் 2.79 வரை அந்தப் பொருளின் பெயர் Lamp என்றுதான் இருந்தது, 2.80-இல் Light என்று மாற்றினார்கள். தமிழில் எழுதும்போது நகர்த்துவதையும் திருப்புவதையும் விளக்கு என்றும், முகத்தில் விழுவதை ஒளி என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி மூன்று முனைகளின் பெயர்கள்.

‘கீ லைட்’ என்பதைச் ‘சாவி ஒளி’ என்று ஒருவர் மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே கீ என்பது பூட்டைத் திறப்பது அல்ல. தலையாயது, மற்றவை எதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றனவோ அது. ஆகவே ‘முதன்மை ஒளி’. ‘ஃபில் லைட்’ எதை நிரப்புகிறது? முதன்மை ஒளி விட்டுச்சென்ற நிழலை. நிரப்பு, ஒளி இரண்டும் சேர்ந்து ‘நிரப்பொளி’ ஆகும். மூன்றாவதற்கு ‘பேக் லைட்’, ‘ரிம் லைட்’ என்று இரண்டு பெயர் புழங்குகிறது. முதல் பெயர் அது நிற்கும் இடத்தைச் சொல்கிறது, இரண்டாவது அது செய்யும் வேலையைச் சொல்கிறது. பின்னொளி என்று எழுதினால் செல்போன் திரைக்குப் பின்னால் எரிவதாகவும் கொள்ள இடமுண்டு. வேலையைச் சொல்லும் ‘விளிம்பொளி’ எனக்குப் பிடித்தது. தோளிலும் காதிலும் தலைமுடியிலும் மெல்லிய கோடு விழுந்து உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பதுதானே அதன் பயன்?

தம்பியின் கோப்பில் இதை எப்படித் திருத்தினோம் என்று சொல்கிறேன். முதலில் World-இன் Strength-ஐ 0 ஆக்கினோம். அங்கே HDRI என்ற சுற்றுப்புற ஒளிப்படம் ஒன்று இருந்தால் அதுவே எல்லாப் பக்கமும் நிரப்பொளி போலப் பரவிவிடும். நம் விளக்குகள் என்ன செய்கின்றன என்றே தெரியாது. மூன்று Point விளக்குகளையும் நீக்கிவிட்டு Area விளக்குகளை வைத்தோம். உருவத்தின் தலை 1.6 மீட்டர் உயரத்தில், கேமரா நேர் முன்னால், −Y பக்கம். தலையில் Empty என்ற, ரெண்டரில் தெரியாத வெறும் குறி ஒன்றை வைத்து, மூன்று விளக்குகளுக்கும் அதையே இலக்காக்கி Track To கொடுத்தோம். இனி விளக்கை எங்கே இழுத்தாலும் அது முகத்தைப் பார்த்தபடியே இருக்கும்.

முதன்மை விளக்கை X −1.7, Y −1.7, Z 2.6 என்ற இடத்தில் வைத்தோம். கேமராவுக்கு இடப்பக்கம் 45 பாகை, தலைக்கு ஒரு மீட்டர் மேலே. 200 வாட், அளவு 1 மீட்டர். மற்ற இரண்டையும் மறைத்துவிட்டு இதை மட்டும் பார்த்தோம். மூக்கின் நிழல் படத்தின் வலப்பக்கக் கன்னத்தில் சாய்ந்து விழுந்தது, கன்னத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. தோசை போய் முகம் வந்தது. வலப்பக்கம் மட்டும் கரி பூசியது போல இருந்தது.

அடுத்தது நிரப்பு விளக்கு. X 1.9, Y −1.9, Z 1.6. முகத்துக்குத் தூரம் முதன்மை விளக்குக்கு ஏறக்குறைய சமம், வாட் மட்டும் 50. நாலில் ஒரு பங்கு. நிழல் பக்கத்தில் விழும் ஒளியை 1 என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து விழும் இடத்தில் 5. முதியவரின் முகத்துக்கு இந்த விகிதம் நன்றாக இருந்தது. குழந்தை முகம் என்றால் நிரப்பொளியைப் பாதி அளவுக்கு ஏற்றியிருப்பேன். அளவை 2 மீட்டர் ஆக்கினோம். Area விளக்கைப் பெரிதாக்கினால் மொத்த வாட் மாறாது, நிழலின் ஓரம் மட்டும் மென்மையாகும். நிரப்பொளிக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அது தனக்கென்று ஒரு நிழலைக் காட்டக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. தம்பி நிரப்பு விளக்கைச் சும்மா கொஞ்சம் பக்கத்தில் இழுத்தான். தூரம் பாதியானது, வாட்டைத் தொடவில்லை. ஆனால் தூரம் பாதியானால் விழும் ஒளி நான்கு மடங்கு வரை ஏறும். 50 வாட் விளக்கு 200 வாட் விளக்கோடு போட்டி போட ஆரம்பித்தது. இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு குறைந்து, முகம் மறுபடி தட்டையானது. இதைக் கண்டுபிடிக்க எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கைப் பாருங்கள். மூக்குக்கு ஒரு நிழல்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நிழல் விழுந்தால் நிரப்பொளி முதன்மையோடு போட்டி போடுகிறது என்று அர்த்தம். ஒரே அளவுள்ள மூன்று விளக்கை வைத்த பழைய கோப்பிலும் இந்த இரட்டை நிழல் இருந்தது. அவன் அதைத் தோலின் நிறம் என்று நினைத்திருந்தான்.

விளிம்பு விளக்கு X 0.9, Y 1.6, Z 2.6-இல், 150 வாட், அளவு அரை மீட்டர். காதின் மேல்மடலிலும் துவர்த்தின் நூல் பிசிறிலும் வெள்ளிக் கோடு விழுந்தது. இதை ஓரமாக முன்னே கொண்டுவந்தால் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து உட்காரும். அது வந்தால் விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கறுத்த தோலுக்கு இந்த ஒளி மிக முக்கியம். தோலின் Roughness-ஐ 0.4 பக்கம் வைத்தால் வியர்வைப் பளபளப்பு கன்ன எலும்பையே வரைந்து காட்டும். வாட்டை ஏற்றித் தோலை வெளுக்கவைக்கத் தேவையில்லை.

இது வரைக்கும் ஸ்டுடியோ. தம்பிக்கு அந்த முதியவரை முட்டம் கடற்கரையில், சாயங்காலம், கட்டுமரத்திலிருந்து கரையேறுவதாகக் காட்ட வேண்டும். அங்கே சூரியன் கடலில் இறங்கும். கரையை நோக்கி வருபவருக்குச் சூரியன் முதுகுப்பக்கம். அதை நான்காவது விளக்காகச் சேர்க்கக் கூடாது. விளிம்பு Area விளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குத் தாழ்வாகச் சாய்ந்த ஒரு Sun வைத்தோம், மஞ்சள் கலந்த நிறத்தில். Sun-ஐ எங்கே வைக்கிறோம் என்பது கணக்கில் வராது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதன் Strength சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற அளவு. Area விளக்கின் 150-உடன் அதை ஒப்பிட முடியாது. 4-இல் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்தோம். மணலும் மரமும் அதே ஒளியில் விளிம்பு கட்டியதால் காட்சி ஒன்றாகச் சேர்ந்தது. நிரப்பு விளக்குக்கு வானத்தின் நீலம் கொஞ்சம் கொடுத்தோம்.

அப்போது அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “அண்ணே, இப்போ எல்லாத்தையும் விடப் பளிச்சுன்னு இருக்கது பின்னால உள்ள சூரியன்தானே? அப்போ அதுதான் முதன்மை ஒளியா?”

இல்லை. முன்னால் இடப்பக்கம் நிற்கும் விளக்குதான் இப்போதும் முதன்மை, வாட்டைக் குறைத்துவிட்ட பிறகும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், கண்குழி எவ்வளவு ஆழமாகத் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. முதன்மை என்பது வெளிச்சத்தின் அளவைக் குறிக்கும் சொல் அல்ல, முகத்துக்கு வடிவம் தரும் பொறுப்பைக் குறிப்பது. அதையும் அதை நம்பி நிற்கும் நிரப்பு விளக்கையும் அணைத்துப் பார்க்கச் சொன்னேன். கரையேறும் முதியவர் சூரியனுக்கு முன்னால் கறுத்த நிழலுருவமாக நின்றார், யாராகவும் இருக்கலாம். மறுபடி போட்டதும் அவன் பல வாரமாகச் செதுக்கிய அந்த முகம் திரும்பி வந்தது.