பயிற்சி மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது

மருந்தியல் பட்டப்படிப்பான பார்ம் டி-யின் ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிதான். ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவிலும், மீதி ஆறு மாதம் வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதமாகவும் கழியும். பயிற்சி முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழ், அந்த ஆண்டை அவர் முடித்தார் என்பதை மட்டுமே சொல்லும். எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்லக்கூடியவர், வார்டில் அவரை மேற்பார்வையிட்ட கிளினிக்கல் பார்மசிஸ்ட், அதாவது நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்க்கும் என்னைப் போன்ற மருந்தாளுநர். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவிகள் எங்களைத் தேடி வருவது அதற்காகத்தான்.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால் பிறர் எழுதிய கடிதங்களையும் நான் படிக்கிறேன். "கடின உழைப்பாளி, நேர்மையானவர், கற்கும் ஆர்வம் மிக்கவர்" என்று அடுக்கியிருப்பார்கள். பெயரை மாற்றிவிட்டால் அந்த வகுப்பில் படித்த எல்லோருக்கும் அது பொருந்தும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மருந்து ஆணையில் தவறு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் இவர் எதைச் சரிபார்ப்பார், யாரிடம் சொல்வார், எவ்வளவு விரைவாகச் சொல்வார்? இதற்கு நடந்த சம்பவத்தால் மட்டுமே பதில் சொல்ல முடியும். அண்மையில் என் முன்னாள் பயிற்சி மாணவி ஒருவருக்காக எழுதிய கடிதத்திலிருந்து இரண்டு பத்திகளை, அவருடைய அனுமதியுடன் இங்கே தருகிறேன்.

"பொது மருத்துவப் பிரிவில் இருந்தபோது, நுரையீரல் தொற்றுடன் சேர்க்கப்பட்ட முடக்குவாத நோயாளி ஒருவரின் மருந்து அட்டவணையில் மெதோட்ரெக்ஸேட் 10 மி.கி. தினமும் ஒரு வேளை என எழுதப்பட்டிருந்தது. வீட்டில் உட்கொண்டுவந்த மருந்துகளின் விவரத்தைச் சேகரித்த இவர், நோயாளியின் மகள் வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல், மாத்திரை அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் வரவழைத்துப் பார்த்தார். சீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று இருந்தது. அந்த வேளை மருந்தைக் கொடுக்க வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு உடனே என்னை அழைத்தார். நான் பணி மருத்துவரிடம் பேசினேன். அவர் ஆணையைத் திருத்தியதோடு, தொற்று குணமாகும் வரை மெதோட்ரெக்ஸேட்டையே நிறுத்திவைத்தார். தவறான அளவு ஒரு வேளைகூட நோயாளிக்குச் செல்லவில்லை."

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரவேண்டிய இந்த மருந்தைத் தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகும், இரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். ஆகவே சம்பவத்தின் கனத்தைத் துறைசார்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடிதத்தில் நான் கவனமாக எழுதியது, யார் எதைச் செய்தார்கள் என்பதைத்தான். சந்தேகப்பட்டதும் சரிபார்த்ததும் மாணவி. மருத்துவரிடம் பேசியது நான். ஆணையைத் திருத்தியது மருத்துவர். "ஆபத்தான மருந்துப் பிழை ஒன்றைத் தனியாளாகத் தடுத்தார்" என்று எழுதியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். ஆனால் நேர்காணலில் "மருத்துவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்ட நொடியில் அந்தப் பெண் விழித்திருப்பாள். கடிதத்தில் ஒரு வரி மிகையென்று தெரிந்துவிட்டால், மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தொடர்பான இரண்டாவது சம்பவத்தில் யாருடைய உயிருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனாலும் என் பார்வையில் மாணவியின் தரத்தைக் கூடுதலாகக் காட்டுவது அதுதான்.

"நோயாளி ஒருவருக்கு வான்கோமைசின் முதல் ட்ரிப் ஏற்றியபோது முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு ஏற்பட்டது. கேஸ் ஷீட்டில் 'வான்கோமைசின் ஒவ்வாமை' என்று எழுதப்பட்டது. இவர் செவிலியர் பதிவிலிருந்து ட்ரிப் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எடுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏற வேண்டிய 1 கிராம் மருந்து அரை மணிக்குள் ஏறிவிட்டதைக் காட்டினார். தோலில் தடிப்போ, மூச்சுத்திணறலோ, இரத்த அழுத்த வீழ்ச்சியோ இல்லை என்பதையும் குறித்திருந்தார். சிகிச்சைக் குழு இதை ஆராய்ந்து, மெதுவாக இரண்டு மணி நேரத்தில் ஏற்றும்படி மாற்றியது. நோயாளி அதைத் தாங்கிக்கொண்டார், ஒவ்வாமைக் குறிப்பும் நீக்கப்பட்டது. பாதக விளைவுப் படிவத்தை இவரே நிரப்பினார். நான் சரிபார்த்து மருத்துவமனையின் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பினேன்."

இந்த மருந்து வேகமாக ஏறினாலே, ஒவ்வாமை இல்லாதவருக்கும் முகம் சிவந்து அரிக்கலாம். ஆனால் ஒவ்வாமை என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது நோயாளியோடு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போகும், தேவைப்படும் நேரத்தில் அந்த மருந்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். படிவத்தை நிரப்ப எந்த மாணவிக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். நிரப்புவதற்கு முன் "எவ்வளவு நேரத்தில் ஏறியது?" என்று கேட்கத் தோன்றுவது அப்படிச் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அதைப் படிப்பவரே உணரட்டும் என்று, "பகுத்தாராயும் திறன் கொண்டவர்" என்ற வரியை நான் சேர்க்கவில்லை.

இப்படி எழுத நினைவை மட்டும் நம்ப முடியாது. கடிதம் கேட்கும் மாணவியிடம், பயிற்சிப் பதிவேட்டில் நான் கையொப்பமிட்ட பக்கங்களை முதலில் அனுப்பச் சொல்வேன். கூடவே எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்ற அறிவிப்பையும் கேட்பேன். வார்டு வேலை என்றால் மெதோட்ரெக்ஸேட் சம்பவம் முன்னால் வரும். மருந்துப் பாதுகாப்பு நிறுவனத்தில் அறிக்கைகளைக் கையாளும் வேலை என்றால் வான்கோமைசின் முன்னால் வரும், அறிக்கை எழுதும் முறை பற்றி இன்னும் இரண்டு வரி கூடும். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிற வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. மேற்பார்வையாளர் பார்த்ததை மாணவியால் எழுத முடியாது, பெரும்பாலும் அவருக்கு அது தெரியவும் தெரியாது.

குறையையும் எழுதினேன். தொடக்கத்தில் இவருடைய குறிப்புகள் நீளமாக இருக்கும். மருத்துவர் படிக்காமலேயே புரட்டிவிடுவார். பிரச்சினை ஒரு வரி, பரிந்துரை ஒரு வரி என்று எழுதப் பழகிக்கொண்டார், ஆண்டின் பிற்பாதியில் அது சரியாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இவர் பயிற்சி பெறவில்லை என்பதையும், அங்கே நியமித்தால் தொடக்கத்தில் மேற்பார்வை தேவைப்படும் என்பதையும் நேராகவே சொன்னேன். அந்த வரியைப் படித்து ஒருவர் வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கக்கூடும். ஆயினும் தெரியாத பிரிவில் முதல் மாதமே தனியாக நிற்பதைவிட அது அவருக்கு நல்லது.

நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், தேதி, ஆணையைத் தவறாக எழுதிய மருத்துவர் யார் என்ற குறிப்பு ஆகிய எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது. சம்பவம் அபூர்வமானதென்றால் வயதையும் ஊரையும்கூட விட்டுவிட வேண்டும். மாணவியின் குடும்பப் பின்னணி, திருமணத் திட்டம், "அடக்கமான பெண்" போன்ற பாராட்டுகள் இன்றும் கடிதங்களில் தலைகாட்டுகின்றன. வேலைக்குத் தொடர்பில்லாத இவற்றை எழுதுபவர், அந்தப் பெண்ணுக்கு உதவுவதாக நினைத்துக்கொள்கிறார்.

கடிதத்தின் முதல் பத்தியில் அவரை எந்தப் பிரிவில், எவ்வளவு காலம் நேரடியாகப் பார்த்தேன் என்றும், கடைசிப் பத்தியில் எங்கள் துறையில் இடம் இருந்திருந்தால் நானே இவரை எடுத்திருப்பேன் என்றும் எழுதி, தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்குள் முடிந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு என்னை அழைத்துப் பேசிய, மாணவி விண்ணப்பித்த மருத்துவமனையின் பார்மசித் துறைத் தலைவர், பாராட்டு வரிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லும்படி நான் சொல்லியனுப்பினேனா, அவராகவே செய்தாரா என்றுதான் கேட்டார். அவராகவே செய்தார் என்றேன்.