டைட்டில்ல இருக்குறதையே தம்ப்னெயில்லயும் எழுதாதீங்க, ப்ளீஸ்

இந்த வாரத்துல இது மூணாவது ஆளு. யூடியூப் வீடியோவுக்கு தம்ப்னெயில் கேட்டு வர்றாங்க, டைட்டிலை அனுப்பிட்டு "இதையே பெருசா போட்டுருங்க"ன்றாங்க. ஏன்னு கேட்டா "ரெண்டு இடத்துலயும் கீவேர்ட் இருந்தா சர்ச்ல மேல வரும்ல"ன்றாங்க. அப்படி இல்லைங்க. சர்ச்ல வர டைட்டில்தான் கைகொடுக்கும், தம்ப்னெயில் எழுத்து ஆளுங்க கண்ணுக்குத்தான். அதுலயும் டைட்டிலையே எழுதிட்டா, ஒரே விஷயத்தை ரெண்டு தடவ படிச்சுட்டு விரலால தள்ளிட்டு போயிருவாங்க.

கடைசியா வந்தவர் மாடித்தோட்டம் வீடியோ போடுறவர். டைட்டில் "மாடித்தோட்டத்தில் தக்காளி பூ உதிர்வதை தடுப்பது எப்படி", தம்ப்னெயில்லயும் அப்படியே அந்த ஆறு வார்த்தை, பின்னாடி முழு செடி போட்டோ. நான் வீடியோவை உக்காந்து முழுசா பார்த்தேன் (எழுத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை பண்ணாத டிசைனர்கிட்ட வேலை குடுக்காதீங்க). அவர் சொல்ற விஷயமே வேற. பூ கொட்டுனா எல்லாரும் தண்ணியை கூட்டுறாங்க, ஆனா கோடையில அதுக்கு பெரும்பாலும் வெயில்தான் காரணம், சூடு ஏறுனா மகரந்தம் கெட்டு பூ காய் பிடிக்காம உதிருது, நிழல்வலை கட்டுங்கன்றார். வீடியோவோட உயிரே அதுதான், அது ரெண்டு இடத்துலயும் இல்ல.

அதனால டைட்டிலை "தக்காளி பூ உதிருதா? மாடித்தோட்டத்துல கோடைக்கு இதை பண்ணுங்க"ன்னு மாத்துனோம். தம்ப்னெயில்ல உள்ளங்கை நிறைய உதிர்ந்த மஞ்சப் பூ, பக்கத்துல "தண்ணி காரணமில்ல", அவ்ளோதான். என்ன பிரச்சனைன்னு டைட்டில் சொல்லுது, நீங்க நினைக்கிற காரணம் தப்புன்னு தம்ப்னெயில் சொல்லுது, அப்ப எதுதான் காரணம்னு தெரிஞ்சுக்க உள்ள வரணும்.

ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க, டைட்டில் தனியாவும் புரியணும், ஏன்னா நோட்டிஃபிகேஷன்ல முதல்ல படிக்கிறது அதைத்தான். தம்ப்னெயில் எழுத்து டைட்டிலை நம்பி நிக்கலாம். "இதை பண்ணாதீங்க"ன்னு டைட்டில் வச்சு "எதை"ன்றதை படத்துல மட்டும் வச்சா சர்ச்ல தேடுறவங்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

எழுத்து ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வேணாம். தமிழ்ல சுழியும் கொம்பும் சின்ன சைஸ்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், "ணி"யும் "னி"யும் வித்தியாசமே தெரியாது, அதனால போன்ல கட்டைவிரல் அளவுக்கு சுருக்கி பாருங்க. வலது கீழ் மூலைல எதுவும் எழுதாதீங்க, வீடியோ நேரம் அங்கதான் வந்து மறைக்கும். டைட்டில்ல முக்கியமான வார்த்தை முன்னாடியே வரணும், 100 கேரக்டர் வரைக்கும் இடம் இருந்தாலும் போன்ல பின்பாதி வெட்டுப்படும்.

அப்புறம், "தண்ணி காரணமில்ல"ன்னு போட்டா முதல் அரை நிமிஷத்துலயே அந்த பேச்சு வரணும். இவர் வீடியோல அது நாலாவது நிமிஷத்துல இருந்துச்சு, வெட்டி முன்னாடி கொண்டு வந்தப்புறம்தான் அப்லோட் பண்ண சொன்னேன்.