சராசரி 52 இருந்தும் 50 உறுதியில்லை: பெற்றோருக்கு எழுதும் புள்ளிக் கடிதம்

மூன்றாம் தவணை தொடங்கியதும் கொழும்பில் பல பாடசாலைகளிலிருந்து பெற்றோருக்குக் கடிதங்கள் செல்கின்றன. "தங்கள் மகனின் இதுவரையான கணிதச் சராசரி 52 வீதம், இன்னும் முயற்சி தேவை" என்ற அளவில் அவற்றுள் பல முடிந்துவிடுகின்றன. தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், அந்த ஒற்றை எண் எத்தனை வீடுகளில் தவறான நிம்மதியைத் தந்திருக்கிறது என்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சராசரி என்பது நடந்து முடிந்ததைச் சொல்லும் எண். இனி நடக்கவிருக்கும் பரீட்சைகளில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பெற்றோர் அறிய விரும்புவதோ இரண்டாவது எண்ணைத்தான்.

எங்கள் வகுப்பைப் போன்ற ஒரு புள்ளித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுப் புள்ளி 100இல் மூன்று அலகுப் பரீட்சைகளுக்குத் தலா 15, ஒப்படைகளுக்கு 20, ஆண்டிறுதிப் பரீட்சைக்கு 35 என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. தரம் 10இல் படிக்கும் ஒரு மாணவர் முதலாம் அலகுப் பரீட்சையில் 46, இரண்டாவதில் 38, ஒப்படைகளில் 68 பெற்றிருக்கிறார். ஒப்படைகள் முடிந்துவிட்டன. மூன்றாம் அலகுப் பரீட்சையும் ஆண்டிறுதிப் பரீட்சையும் மீதமிருக்கின்றன. வீட்டார் எதிர்பார்ப்பது 50. க.பொ.த. சாதாரண தரத்தில் 50 முதல் 64 வரை 'சி', அதாவது திறமைச் சித்தி என்பதாலும், 35 முதல் 49 வரை 'எஸ்', அதாவது சாதாரண சித்தி என்பதாலும், 50 என்ற எண்ணுக்குப் பெற்றோர் மனத்தில் தனி மதிப்பு உண்டு.

இந்த மூன்று புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 51 வருகிறது. பல வீடுகளில் இந்தக் கணக்குத்தான் போடப்படுகிறது, ஆனால் இது பங்குகளைப் பொருட்படுத்தாத கணக்கு. முறைப்படி பார்த்தால் 46க்கு 6.9, 38க்கு 5.7, 68க்கு 13.6 என்று மொத்தம் 26.2 சேர்ந்திருக்கிறது. இதுவரை நடந்தவற்றின் பங்கு 50 ஆகையால், 50க்கு 26.2 என்பது 52.4 வீதம். மூன்றாவது ஒரு தோற்றமும் உண்டு. புள்ளிகளைப் பதியும் கணினித் தாளில் நடக்காத பரீட்சைகளின் கட்டங்களில் பூச்சியம் இடப்பட்டிருந்தால் மாணவரின் நிலை 26 என்று அச்சாகி வீட்டுக்குப் போகும், அதைப் பார்த்துப் பதறிய தாய்மார் அலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். ஆகவே எண்ணை எழுதும்போதே "நடந்து முடிந்த 50க்கு 26.2" என்று எதற்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

தேவைப்படும் புள்ளிக்கு வருவோம். இலக்கு 50, கையில் இருப்பது 26.2, மீதமுள்ள பங்கும் 50.

```
(50 - 26.2) / 50 × 100 = 47.6
```

மீதமுள்ள பரீட்சைகளில் சராசரியாக 47.6 வேண்டும். இதை எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 47 எடுத்தால் மொத்தம் 49.7இல் நின்றுவிடும், 48 எடுத்தால் 50.2 கிடைக்கும். இங்குதான் கடிதத்தின் மிக முக்கியமான பகுதி வருகிறது. இப்போதைய சராசரி 52.4, தேவைப்படுவது 48 என்றால் மாணவர் தேவைக்கு மேலே நிற்கிறார் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 52.4ஐ உயர்த்திப் பிடித்திருப்பவை ஒப்படைகள். வீட்டில், நேரமெடுத்து, சில வேளை டியூஷன் ஆசிரியரின் துணையுடன் செய்யப்படும் அவற்றில் இவர் 68 பெற்றார். பரீட்சை மண்டபத்தில் தனியே எழுதிய இரண்டு தாள்களின் சராசரி 42தான். இனி ஒப்படை எதுவும் இல்லை, மீதமுள்ள 50 பங்கும் பரீட்சைகளுக்கு உரியது. இவர் இதே நிலையில் தொடர்ந்தால் 50இல் 42 வீதமாகிய 21 கிடைத்து ஆண்டுப் புள்ளி 47.2இல் முடியும். நிம்மதி தந்த அதே சராசரி அறிக்கையைப் பெற்ற வீட்டுக்கு ஆண்டு முடிவில் 47 வந்து சேரும்போது, ஆசிரியர் புள்ளியைக் குறைத்துவிட்டார் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. எனவே மாணவரின் நிலையைச் சொல்லும்போது, மீதமிருப்பது எவ்வகைப் பரீட்சையோ அவ்வகையில் அவர் இதுவரை பெற்ற சராசரியைத் தனியே பிரித்துக் காட்டுவது அவசியம். ஒப்பிட வேண்டியவை 52உம் 48உம் அல்ல, 42உம் 48உம்.

அந்த ஆறு புள்ளி வித்தியாசம் எத்தகையது என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஆண்டிறுதித் தாளைச் சாதாரண தரப் பரீட்சையின் அமைப்பிலேயே தயாரிக்கிறோம். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் தலா 2 புள்ளி கொண்ட 25 குறுவினாக்கள், பி பகுதியில் தலா 10 புள்ளி கொண்ட 5 வினாக்கள், இரண்டாம் வினாத்தாளில் விடையளிக்க வேண்டிய 10 வினாக்கள் என மொத்தம் 200 புள்ளிகள். அதில் 42 வீதம் என்பது 84, 48 வீதம் என்பது 96. இடையிலுள்ளவை 12 புள்ளிகள், அதாவது ஆறு குறுவினாக்கள். "ஆறு வீதம் கூட வேண்டும்" என்றால் தந்தைக்கு அது பெரிய மலையாகவோ ஒன்றுமில்லாததாகவோ தெரியும். "இன்னும் ஆறு குறுவினாக்கள் சரியாக வேண்டும்" என்றால், அன்றிரவே மகனுடன் உட்கார்ந்து கடந்தகால வினாத்தாளின் முதற்பகுதியைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

கடிதம் மூன்றாம் அலகுப் பரீட்சைக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தப் பரீட்சையில் 60 பெற்றால் 9 பங்கு சேர்ந்து, ஆண்டிறுதியில் 43 போதுமானதாகும். 40 மட்டுமே பெற்றால் 6 பங்கு சேர்ந்து, ஆண்டிறுதியில் 51 தேவைப்படும். காரணமின்றி வராமல் விட்டுப் பூச்சியம் இடப்பட்டால் ஆண்டிறுதித் தேவை 68ஆக உயரும். இந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் காணும் பெற்றோர், திருமண வீட்டுக்காகவோ ஊருக்குப் போவதற்காகவோ பரீட்சை நாளன்று பிள்ளையை மறித்து வைப்பதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் எத்தனையோ பெற்றோர் தமிழில் படித்தவர்கள். பாடசாலைக் கடிதமோ ஆங்கிலத்தில் வருகிறது. அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுபவர் பெரும்பாலும் அந்த மாணவரேயாவார், தமக்குச் சாதகமான எண்ணை மட்டும் வாசிப்பது அந்த வயதில் இயல்பு. எனவே நான் அனுப்பும் கடிதம் தமிழில் இருக்கும். இந்த மாணவருக்கு உரியது இவ்வாறு அமையும்:

"மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

தரம் 10 கணித பாடத்தில் தங்கள் மகனின் தற்போதைய நிலையை அறியத் தருகிறேன். ஆண்டுப் புள்ளி 100இல் 50க்குரிய பரீட்சைகளும் ஒப்படைகளும் முடிந்துள்ளன. அந்த 50க்கு அவர் 26.2 பெற்றுள்ளார். ஒப்படைகளில் 68 வீதம் பெற்ற போதிலும், இரண்டு அலகுப் பரீட்சைகளிலும் அவரது சராசரி 42 வீதமாகும். ஆண்டுப் புள்ளி 50ஐ அடைவதற்கு, மீதமுள்ள இரண்டு பரீட்சைகளிலும் சராசரியாக 48 வீதம் தேவை. பரீட்சைகளில் இப்போதுள்ள நிலை மாறாவிட்டால் ஆண்டுப் புள்ளி ஏறத்தாழ 47ஆக அமையும்.

இரண்டாம் அலகுப் பரீட்சையில் கேத்திரகணித நிறுவல் வினாக்கள் இரண்டுக்கும் அவர் விடை எழுதத் தொடங்கவில்லை. அட்சரகணிதப் பின்னங்களில் முறை சரியாக இருந்தும் குறி மாறியதால் புள்ளிகள் இழக்கப்பட்டுள்ளன. மூன்றாம் அலகுப் பரீட்சைக்கு முன் இவ்விரண்டையும் மீட்டல் செய்வது பயன் தரும். தாங்கள் வசதியான ஒரு நாளில் பாடசாலைக்கு வந்தால் விடைத்தாள்களை ஒன்றாகப் பார்க்கலாம்."

வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை நான் இக்கடிதத்தில் எழுதுவதில்லை. மற்றப் பிள்ளைகள் என்ன எடுத்தார்கள் என்பதால் இவருக்குத் தேவையான 48 மாறப்போவதில்லை.

இலக்கு கைக்கு எட்டாததாக இருந்தால் அதையும் எண்ணுடன் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மாணவரின் தாயார் 'ஏ' தரத்துக்குரிய 75 பற்றிக் கேட்டால், மீதமுள்ள இரண்டிலும் சராசரியாக 97.6 வேண்டும் என்று கணக்குக் காட்டுகிறது. "கடினம்தான், ஆனாலும் முயன்றால் முடியும்" என்று அவரிடம் கூறுவது நேர்மையாகாது, ஏனெனில் அந்த நம்பிக்கையில் நாளொன்றுக்கு மூன்று டியூஷன் வகுப்புகளுக்கு அலைக்கழிக்கப்படப் போவது பிள்ளைதான். 65க்குத் தேவையான 77.6உம் இரண்டு தாள்களில் 42 எடுத்தவருக்கு இவ்வாண்டு எட்டக்கூடியதல்ல. அதே வேளை, இந்த ஆண்டுப் புள்ளி பாடசாலைக்கு உரியது என்பதையும், பரீட்சைத் திணைக்களம் நடத்தும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றுடன் இது கூட்டப்படுவதில்லை என்பதையும் தெளிவாக்குகிறேன். தரம் 10இல் 'ஏ' கைநழுவியதால் அடுத்த ஆண்டும் அது நழுவிவிட்டது என்று எண்ணி வருந்தும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் அலகுப் பரீட்சை திருத்தி முடிந்ததும் முதற்கடிதத்திலுள்ள எண் பழையதாகிவிடுகிறது, அதனால் சிறு குறிப்பொன்றை மீண்டும் அனுப்ப வேண்டும். அம்மாணவர் அதில் 50 பெற்றாரானால் 7.5 சேர்ந்து மொத்தம் 33.7 ஆகிறது. மீதம் 35 பங்குக்கு 16.3 தேவை. குறிப்பும் அந்த அளவில் சுருங்கிவிடும்: "தங்கள் மகன் மூன்றாம் அலகுப் பரீட்சையில் 50 பெற்றுள்ளார். ஆண்டுப் புள்ளி 50ஐ அடைய, ஆண்டிறுதிப் பரீட்சையில் 47 வீதம், அதாவது 200க்கு 94 புள்ளிகள் தேவை."